சார்ஜர்ல இருக்குற R-எண் ஆப்ல வருது, ஆனா பேர் வேற. வெச்சுக்கலாமா?

கீதா_ர
விடுதியில இருக்குற பொண்ணுக்காக 33 வாட் சார்ஜரும் ஒரு மீட்டர் கேபிளும் (ஒரு பக்கம் சாதா யூஎஸ்பி, மறுபக்கம் சி-டைப்) வாங்கினேன். ரெண்டும் சேர்த்து 450 ரூபா. சார்ஜர் முதுகுல சிஇ, எஃப்சிசி, குப்பைத்தொட்டி மேல பெருக்கல் குறி, சதுரத்துக்குள்ள சதுரம், அப்புறம் பிஐஎஸ் முத்திரை எல்லாம் இருக்கு. முத்திரைக்கு மேல ஐஎஸ் 13252, கீழ R- போட்டு எட்டு இலக்கம். BIS Care ஆப்ல அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன், பதிவு இருக்குன்னு வருது. ஆனா அதுல வர்ற கம்பெனி பேரு சார்ஜர்ல இருக்குற பேரு இல்ல. கடைக்காரர், "எல்லாம் ஒரே கம்பெனிதான் மேடம், ஐஎஸ்ஐ மார்க் சார்ஜர்" அப்படிங்கிறார். நம்பலாமா?

மதுரைமாறன்77
அக்கா, ஆப்ல எண் வந்தாலே ஒரிஜினல்தான். டூப்ளிகேட்காரன் எண்ணே போட மாட்டான். சிஇ மட்டும் உத்துப் பாருங்க. ரெண்டு எழுத்தும் ஒட்டி ஒட்டி இருந்தா அது "சைனா எக்ஸ்போர்ட்". இடைவெளி விட்டிருந்தா அசல் ஐரோப்பா சர்டிபிகேட்.

சோதனைமேசை
மாறன் சொன்னதில் பாதி சரி. அசல் சிஇ குறியில் இடைவெளி உண்டு. C-யின் வட்டத்தை முழுசாக வரைந்தால் அது E-யின் உள்விளிம்பைத் தொடும், அந்த அளவு. ஆனால் "சைனா எக்ஸ்போர்ட்" என்று எங்கும் பதிவான முத்திரை கிடையாது. ஒட்டி அச்சிட்டிருந்தால், வரையத் தெரியாமல் வரைந்திருக்கிறார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், இடைவெளி சரியாக இருந்தாலும் அது சர்டிபிகேட் இல்லை. சார்ஜர் மாதிரிப் பொருள்களுக்கு ஐரோப்பியத் தாழ்மின்னழுத்த விதியின்படி தயாரிப்பாளரே சோதித்து, கோப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, தானே குறியை ஒட்டிக்கொள்ளலாம். வெளியாள் யாரும் பார்த்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. சென்னையில் வாங்கிய சார்ஜரில் அந்தக் குறி இருப்பதால் நமக்குத் தெரியவருவது ஒன்றுமில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்சிசி என்பது ரேடியோ இரைச்சல் பற்றியது, ஷாக் பற்றியது அல்ல. குப்பைத்தொட்டிக் குறி, பழசானால் எங்கே போடக் கூடாது என்பதற்கு. இரட்டைச் சதுரம் மட்டும் கொஞ்சம் கனமானது. எர்த் பின் இல்லாமலேயே இரட்டைக் காப்பு தந்திருக்கிறோம் என்ற வாக்கு அது. அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்பது உள்ளே திறந்தால்தான் தெரியும்.

கீதா, ஆப்பில் வந்த திரையிலிருந்து இதையெல்லாம் எழுத்து பிசகாமல் இங்கே போடுங்கள்: தயாரிப்பாளர் பெயரும் ஊரும், பொருளின் வகை, ஐஎஸ் எண், பிராண்டு, மாடல்கள், பதிவு நடப்பில் உள்ளதா. கம்பெனிப் பெயர் வேறாக இருப்பது மட்டும் குற்றமாகாது. பெரிய பிராண்டுகளுக்கும் வேறு யாரோதான் செய்து கொடுக்கிறார்கள். பதிவு எண் பிராண்டுக்குக் கொடுப்பதில்லை, குறிப்பிட்ட முகவரியில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குக் கொடுப்பது. ஒரே பிராண்டு ரெண்டு தொழிற்சாலையில் செய்தால் ரெண்டு எண் வரும்.

கீதா_ர
பார்த்து எழுதுறேன். ஊர் நொய்டா. பதிவு நடப்புல இருக்கு. பிராண்டுன்னு வேற ஏதோ பேரு, சார்ஜர்ல இருக்குறது இல்ல. மாடல்னு ஆறேழு இருக்கு, என்னோடது அதுல இல்ல. ஐஎஸ் எண் 15885-ன்னு வருது. பொருள் வகையில எல்இடி-க்கு கன்ட்ரோல்கியர்னு இருக்கு. இது என்ன?

சோதனைமேசை
முடிந்தது கதை. ஐஎஸ் 15885 எல்இடி விளக்கின் டிரைவருக்கு. உங்கள் சார்ஜர் தன் முதுகில் போட்டிருப்பதோ 13252. அது அடாப்டர், கணினிச் சாதனங்களுக்கான தரம். புதிய பதிவுகளில் அதற்குப் பதில் ஐஎஸ்/ஐஇசி 62368 என்று இருக்கும், அதுவும் சரிதான். ஆனால் 15885 சார்ஜருக்கு வர வழியே இல்லை. விளக்கு டிரைவர் செய்யும் யாருடைய எண்ணையோ எடுத்து அச்சடித்திருக்கிறார்கள். எண் உண்மை, பதிவு உண்மை, ஆனால் அது இந்தச் சார்ஜரின் பதிவு இல்லை. அந்த நொய்டாக்காரருக்கே இது தெரியாமல் இருக்கலாம்.

மாறனுக்கும் இதுதான் பதில். போலி செய்பவர் எண் போடாமல் விடுவதில்லை. ஏற்கெனவே உயிரோடு இருக்கும் எண்ணாகப் பார்த்துத்தான் போடுவார், ஆப்பில் பச்சை விழ வேண்டுமே.

கடைக்காரர் சொன்ன "ஐஎஸ்ஐ" பற்றி ஒரு வார்த்தை. ஐஎஸ்ஐ முத்திரை வேறு திட்டம். அதில் CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதிகாரிகள் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் உரிமம் தருவார்கள். சுவர் ஸ்விட்ச், சாக்கெட், வீட்டு ஒயர் எல்லாம் அந்த வழி. மொபைல் சார்ஜர் கட்டாயப் பதிவு வழி, R-எண் வழி. சார்ஜரில் R-எண் இல்லாமல் ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் இருந்தால், திட்டம் எதுவென்றுகூடத் தெரியாமல் அச்சடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒயர்மேன்_சேலம்
இவ்ளோ எதுக்கு. காப்பு பாக்குற மீட்டர், 500 வோல்ட் மெகர் இருந்தா வேலை முடிஞ்சுது. பிளக்கோட ரெண்டு பின்னையும் ஒண்ணா ஷார்ட் பண்ணி ஒரு முனை, யூஎஸ்பி வாயோட இரும்புல இன்னொரு முனை. இன்ஃபினிட்டி காட்டுச்சுன்னா உள்ள காப்பு நல்லாருக்கு. வீட்டு ஒயரிங்குக்கே அதான் பாக்குறோம்.

சோதனைமேசை
அண்ணே, மெகரில் கம்மியாகக் காட்டினால் அந்தச் சார்ஜர் கெட்டது, அதில் சந்தேகமில்லை. இன்ஃபினிட்டி காட்டினால் நல்லது என்று சொல்ல முடியாது, அங்கேதான் தடுக்கும். காற்று சுமாராக ஒரு மில்லிமீட்டருக்கு 3,000 வோல்ட் தாங்கும். 230 வோல்ட் பக்கத்துக்கும் யூஎஸ்பி பக்கத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் செய்திருந்தாலும் உங்கள் 500 வோல்ட்டுக்கு அது அசையாது. இன்ஃபினிட்டிதான் காட்டும். அதனால்தான் சோதனைக்கூடத்தில் இந்தக் காப்புக்கு 3,000 வோல்ட் ஏசி ஏற்றுகிறோம். அதற்கு முன்பே ஈரப்பத அறையில் வைத்து எடுத்துவிடுவோம். போர்டின் மேற்பரப்பில் ரெண்டு பக்கத்துக்கும் நடுவே குறைந்தது 5 மில்லிமீட்டர், ஒழுங்காகச் செய்பவர்கள் 6, 7 விடுவார்கள். அரை மில்லிமீட்டர் சார்ஜர் மேசைமேல் வருஷக்கணக்கில் ஓடும். மழைக்காலத்தில் தூசியும் ஈரமும் சேர்ந்து படிகிற அன்றைக்கோ, லைனில் ஒரு மின்னல் எகிறல் வருகிற அன்றைக்கோ கைவிடும்.

3,000 வோல்ட்டை வீட்டில் யாரும் முயலாதீர்கள்.

ஜூரோங்_பாலா
கேள்விக்கு நேர்ப் பதில் இல்லை, மன்னிக்கவும். என் சார்ஜர் சிங்கப்பூரில் வாங்கியது, அங்குள்ள பாதுகாப்பு முத்திரை இருக்கிறது, பிஐஎஸ் இல்லை. ஊருக்கு வரும்போது மாற்று பிளக் போட்டுப் பயன்படுத்துகிறேன். அதுவும் போலியா?

சோதனைமேசை
இல்லை. பிஐஎஸ் இல்லாதது, இந்தியச் சந்தைக்காகச் செய்யப்படவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. சிங்கப்பூரில் அடாப்டர்கள் கட்டுப்பாட்டுப் பொருள், அந்த முத்திரையிலும் பதிவு எண் இருக்கும், அங்குள்ள பட்டியலில் தேடலாம். உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அந்த மாற்று பிளக்தான். பெரும்பாலானவற்றில் எந்த முத்திரையும் இருக்காது, பின் தொளதொளவென்று உட்காரும், அந்த இடம் சூடேறும்.

நித்யா.ச
இதே இழையில் என் சந்தேகமும். என் லேப்டாப் சார்ஜர் பெரிய கம்பெனி, R-எண் எல்லாம் சரி, ரெண்டு பின். சார்ஜ் போட்டபடி மேல் மூடியைத் தடவினால் விர்ர்னு இருக்கு. டெஸ்டர் வைத்தால் லேசாக எரிகிறது. அப்போ முத்திரை பொய்தானே?

சோதனைமேசை
விர்ர் என்பதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, நித்யா. நல்ல சார்ஜரிலும் அது வரும். இரைச்சலைக் குறைக்க ரெண்டு பக்கத்தையும் ஒரு சின்னக் கெபாசிட்டரால் இணைத்திருப்பார்கள். அது 2.2 நேனோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே அதிகபட்சம் 0.16 மில்லியாம்பியர் கசியும். இரட்டைக் காப்புச் சாதனத்துக்கு அனுமதி 0.25 வரை. 0.16-ஐ விரல் நுனி உணரும், டெஸ்டரும் எரியும், ஆனால் ஆபத்தில்லை.

கேட்க வேண்டியது அந்தக் கெபாசிட்டர் எந்த ஜாதி என்பதை. அந்த இடத்தில் ஒய்1 வகைதான் போட வேண்டும், உடம்பிலேயே Y1 என்று அச்சு இருக்கும். கெட்டுப் போனாலும் ஷார்ட் ஆகாதபடி செய்து சோதித்தது அது. மலிவுச் சார்ஜரில் அதே நீல நிறத்தில், அதே வட்ட வடிவில், வெறும் 102 1kV என்று போட்ட சாதாரண செராமிக் இருக்கும். விலை வித்தியாசம் சில ரூபாய். சாதாரணமானது ஒருநாள் ஷார்ட் ஆனால் 230 வோல்ட் நேராக யூஎஸ்பி வாய்க்கு வந்துவிடும். ரெண்டு சார்ஜரும் கையில் ஒரே மாதிரிதான் விர்ர் என்னும்.

விர்ர் போய், சுருக்கென்று அடிக்கிறது என்றால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பழுதுபார்ப்பவன்
மேசை சொன்னதோட ஒண்ணு சேர்க்குறேன். ரிச்சி தெருவுல இருந்து வர்ற சார்ஜர் வாரத்துக்கு நாலு திறக்குறோம். திறந்ததும் பாக்க வேண்டிய இடம் ஒண்ணுதான்: டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில போர்டைத் திருப்பிப் பாருங்க. நல்லதுல 230 பக்கத்துச் செம்புக்கும் 5 வோல்ட் பக்கத்துச் செம்புக்கும் நடுவுல அகலமா ஒரு வெறும் பட்டை ஓடும், நாலுகால் ஆப்டோகப்ளருக்குக் கீழ போர்டையே நீளமா அறுத்து விட்டிருப்பாங்க. மட்டமானதுல அந்தப் பட்டைக்குள்ள ஒரு செம்புக்கோடு நுழைஞ்சு போயிருக்கும், சில சமயம் சாலிடர் சொட்டே பாதி தூரம் வந்து நிக்கும். நுழையுற இடத்துல ஃபியூஸ் இருக்க வேண்டிய எடத்துல கம்பித்துண்டு.

பிளக்ல இருந்து புடுங்கின உடனே திறக்காதீங்க. பெரிய கெபாசிட்டர்ல 325 வோல்ட் நிக்கும். திறந்ததை ஃபெவிக்விக் போட்டு ஒட்டி மறுபடி சொருகவும் கூடாது. திறந்தா அது பாடப்பொருள், சார்ஜர் இல்ல.

மதுரைமாறன்77
அப்போ எண், மாடல், பிராண்டு எல்லாம் பொருந்தினா கண்ணை மூடிட்டு வாங்கலாம்ல? அதையாவது ஒத்துக்கங்க சார்.

சோதனைமேசை
அதையும் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை, தம்பி. பதிவு எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். தயாரிப்பாளர் சில சார்ஜர்களைத் தானே எடுத்து, பிஐஎஸ் அங்கீகரித்த சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார். அங்கே காப்பு, சூடு, ஒரு பாகத்தை வேண்டுமென்றே ஷார்ட் செய்தால் தீப்பிடிக்கிறதா என்று எல்லாம் பார்க்கிறார்கள். தேறினால் அறிக்கை. அறிக்கையோடு "இனி செய்பவையும் இப்படியே இருக்கும்" என்ற உறுதிமொழி. அதன்மேல் பதிவு, முதலில் ரெண்டு வருஷத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். ஐஎஸ்ஐ மாதிரி முன்கூட்டியே தொழிற்சாலையைப் பார்ப்பதில்லை. பிறகு சந்தையில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஏற்பாடு உண்டு, ஆனால் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒன்றை யாரும் சோதிக்கவில்லை.

ஆக, எல்லாம் பொருந்தினால் தெரிவது: இந்த மாடலின் சில மாதிரிகள் ஒருநாள் தேறின, ஏதாவது ஆனால் கேட்க ஒரு முகவரி இருக்கிறது. எட்டு மாதம் கழித்து டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் இடத்தை மாற்றினார்களா, மஞ்சள் டேப்பை மூன்று சுற்றுக்குப் பதில் ஒன்றாக்கினார்களா, முத்திரை சொல்லாது. உங்கள் கையிலிருப்பது அந்த மாடலைப் பார்த்து அப்படியே வார்த்த நகலா என்பதையும் சொல்லாது. 2016-ல் பிரிட்டனின் வர்த்தகத் தர அதிகாரிகள் ஆன்லைனில் வாங்கிய 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதிக்கக் கொடுத்தார்கள். ஷாக் அடிக்காத அளவுக்குக் காப்பு இருந்தது மூன்றே மூன்றில். போலியின் மேலுறையில் எல்லா எழுத்தும் அசல்போலத்தான் இருக்கும், அதற்குப் பெயர்தானே போலி.

கீதா_ர
புரியுது சார். சார்ஜரைத் திருப்பிக் குடுத்துடறேன். கேபிளைப் பத்தி யாரும் சொல்லலையே. அதுல யூஎல் சர்டிஃபைடுன்னு அட்டையில போட்டிருக்கு. ஒயர் மேலயே பொடி எழுத்துல இப்படி இருக்கு:

```
E****** AWM STYLE 2725 80°C 30V VW-1 28AWG/1P+24AWG/2C
```

(E-க்குப் பிறகு ஆறு இலக்கம், அதை மறைச்சுட்டேன்.)

பழுதுபார்ப்பவன்
அது ஒயர் ரீலோட எழுத்து, கேபிளோடது இல்லக்கா. E-எண் ஒயர் இழுத்த மில்லுக்குச் சொந்தம். அந்த உறை 80 டிகிரி தாங்கும், 30 வோல்ட்டுக்கு மேல போடாத, தீ வெச்சா சோதனைப்படி தானா அணையும்னுதான் அர்த்தம். அந்த ரீலை வாங்கி ஒரு மீட்டரா வெட்டி ரெண்டு முனையிலயும் கனெக்டர் சாலிடர் போட்டவன் யாரு, எப்படிப் போட்டான்னு யூஎல் பாக்கவே இல்ல. அட்டையில "யூஎல் சர்டிஃபைடு"ன்னு போடுறதெல்லாம் இதை வெச்சுத்தான். அந்த வரியையே சும்மா அச்சடிக்குறவனும் இருக்கான்.

கடைசித் துண்டுதான் உபயோகமானது. 28AWG/1P டேட்டா ஜோடி, மெல்லிசு. 24AWG/2C கரன்ட் போற ரெண்டு ஒயர். எண் கூடக்கூட ஒயர் சன்னமாகும். அதை மட்டும் வீட்டுலயே சரிபார்க்கலாம்.

சோதனைமேசை
கணக்கைப் போட்டுவிடுகிறேன். 24 கேஜ் செம்பு மீட்டருக்கு சுமார் 0.084 ஓம். போக வர ரெண்டு மீட்டர், 0.17 ஓம். 3 ஆம்பியரில் அரை வோல்ட் இழப்பு. சி-டைப் விதி போக்குக்கு அரை வோல்ட், திரும்பலுக்குக் கால் வோல்ட் வரை விடுகிறது, ஆகப் போக்கு தாராளமாகத் தேறும், திரும்பல் வரம்பின் விளிம்பிலேயே நிற்கும். உள்ளே நிஜத்தில் 28 கேஜ் இருந்தால் மீட்டருக்கு 0.21 ஓம், போக வர 0.43, அதே 3 ஆம்பியரில் 1.3 வோல்ட் போய்விடும். கிட்டத்தட்ட 4 வாட் அந்த ஒயரிலேயே சூடாகும்.

யூஎஸ்பி மீட்டர் ரெண்டு வாங்கி, ஒன்று சார்ஜர் முனையிலும் இன்னொன்று போன் முனையிலும் வையுங்கள். 2 ஆம்பியர் ஓடும்போது சார்ஜர் பக்கம் 5.12, போன் பக்கம் 4.55 காட்டினால் வித்தியாசம் 0.57, ரெண்டால் வகுத்தால் 0.285 ஓம். கனெக்டர்களின் தடையைக் கழித்தாலும் 24 கேஜ் செம்புக்கு இது அதிகம். ஒன்று ஒயர் சன்னம், இல்லை செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம்.

ஒயர்மேன்_சேலம்
காந்தம் வெச்சுப் பாத்தா தெரிஞ்சுருமே.

பழுதுபார்ப்பவன்
செம்புப் பூச்சு இரும்புன்னா ஒட்டும். அலுமினியம் ஒட்டாதுண்ணே. பிளேடால சுரண்டணும், உள்ள வெள்ளையா தெரியும்.

சி_பின்
எல்லாரும் மறந்த ஒன்று. கீதா வாங்கியது ஒரு முனை பழைய யூஎஸ்பி, மறுமுனை சி. அந்த சி முனைக்குள், கரன்ட் போகும் VBUS-க்கும், எவ்வளவு எடுக்கலாம் என்று போனுக்குச் சொல்லும் CC-க்கும் நடுவே 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும். 10 கிலோ ஓம் போட்டிருந்தால் போனுக்கு "3 ஆம்பியர் எடுத்துக்கோ" என்று பொய் சொல்லும். நல்ல சார்ஜரில் தெரியாது. பழைய லேப்டாப் போர்ட்டில் சொருகினால் போர்ட் போகலாம். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-ல் கடைக் கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதியது முக்கியமாக இதைப் பற்றித்தான். யூஎல் வரியோ சிஇ-யோ இதைத் தொடுவதே இல்லை. யூஎஸ்பி-ஐஎஃப் அமைப்பின் சான்று இதைப் பார்க்கும், ஆனால் 100 ரூபாய்க் கேபிளில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

கீதா_ர
கடைக்குப் போயிட்டு வந்துட்டேன். R-எண் திரையைக் காட்டினதும் பேசாம மாத்திக் குடுத்தார், 300 ரூபா கூட வாங்கிட்டு. புதுசுல ஐஎஸ் 13252, பிராண்டு, ஊர் எல்லாம் ஆப்போட பொருந்துது. மாடல் மட்டும் ஆப்ல இருக்குற பேரோட கடைசியில ஒரு கோடு போட்டு W-ன்னு சேர்ந்திருக்கு. இது பரவாயில்லையா?

மதுரைமாறன்77
W-ன்னா ஒயிட், அக்கா. கலர். விடுங்க.

பழுதுபார்ப்பவன்
கலரா இருக்கலாம். வாட்டேஜ் மாத்தின உருப்படியாவும் இருக்கலாம். நான் வாங்க மாட்டேன்.

சோதனைமேசை
இதில் நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். நிறத்துக்கு எழுத்து சேர்ப்பது சகஜம். ஆனால் அப்படிச் சேர்க்கும் எழுத்தும் பதிவில் இருக்க வேண்டும் என்பதே முறை. ஆப்பில் கிடைத்த தயாரிப்பாளர் பெயரை வைத்து அவர்களின் இணையதளத்தில் அந்த மாடலைத் தேடி, சார்ஜரில் அச்சிட்ட வெளியீட்டு வரியை, 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் இவ்வளவு என்று இருக்குமே, அதை ஒப்பிடுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மாறன் சொல்வது சரி. வேறாக இருந்தால் அதுவும் திரும்பப் போகட்டும். BIS Care-இலேயே புகார் கொடுக்கும் பகுதி இருக்கிறது. பழைய சார்ஜரின் முதுகைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா?

கீதா_ர
எடுத்து வெச்சிருக்கேன் சார். பில்லும் இருக்கு, ஆனா அதுல "மொபைல் அக்ஸசரீஸ் 2"ன்னு மட்டும்தான் போட்டிருக்கார்.